ஆறு அசைக்குள் எட்டு அசை: ஒரு குறும்படக் காட்சியை ஸ்பானிஷில் வாயசைக்க வைத்த பதிவு

ஆங்கிலக் குறும்படம் ஒன்று ஸ்பெயினில் ஸ்பானிஷ் குரலோடு வெளியாக வேண்டும். அதற்கான மொழிபெயர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது, நல்ல மொழிபெயர்ப்பும்கூட. ஆனால் அதை அப்படியே மைக் முன்னால் நின்று பேசினால் லிப் உட்காராது. திரையில் வாய் மூடியிருக்கும்போது குரல் ஓடும், குரல் நின்ற பிறகும் வாய் அசையும். அந்த மொழிபெயர்ப்பை வாயசைவுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி திருத்தி எழுதும் வேலைக்கு இங்கே ‘அஹுஸ்தே’ என்று பெயர், செய்பவர் ‘அஹுஸ்தாதோர்’. சிறு வயதிலேயே பார்சலோனாவுக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்ததால் ஸ்பானிஷ் எனக்கு வீட்டு மொழி மாதிரிதான். அதனால்தான் இந்த வேலையும் கைக்கு வந்தது.

இந்த ஊர் பார்வையாளருக்கு டப்பிங் புதிதல்ல. பார்சலோனாவில் 1932-லேயே டப்பிங் ஸ்டூடியோ வந்துவிட்டது. 1941-இல் சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் அரசு, வெளிநாட்டுப் படம் எதுவானாலும் ஸ்பானிஷ் பேசித்தான் திரைக்கு வர வேண்டும் என்று ஆணையே போட்டது. தலைமுறை தலைமுறையாக டப்பிங்கில் பார்த்துப் பழகிய கண் என்பதால் சின்னப் பிசகையும் பிடித்துவிடும்.

படம் முழுவதையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு காட்சி மட்டும். எம்மா, ஃப்ராங்க் என்று அக்காவும் தம்பியும். இறந்துபோன அப்பாவின் சின்னப் படகைத் தம்பி சொல்லாமல் விற்றுவிட்டான். சமையலறை மேசையில் உட்கார்ந்து சண்டை. ஒரு நிமிடம்கூட வராது, ஆனால் பாதி நேரம் க்ளோஸப். ஆங்கில வசனம் இப்படிப் போகும்: எம்மா “பட் யூ ப்ராமிஸ்டு மீ, ஃப்ராங்க்” என்கிறாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, விற்க வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் பேங்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கும் என்கிறான். அவள் “ஃபைவ் மந்த்ஸ். யூ வெய்ட்டட் ஃபைவ் மந்த்ஸ்” என்கிறாள். அவன் விரலால் மேசையைத் தட்டி “ஐ பெய்ட் ஃபார் இட். எவ்ரி சிங்கிள் மந்த்” என்கிறான். “இட் வாஸ் டாட்ஸ் போட்” என்று அவள் சொல்ல, கடைசியில் அவன் வாய்க்குள்ளேயே “’ம் சாரி, எம்” என்று முனகுகிறான்.

முதலில் செய்தது, `ffmpeg` கட்டளை ஒன்றால் வீடியோவின் மீது டைம்கோடு, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமின் நேர எண், பதித்ததுதான். நான்கூட ஓடும் எண்ணைப் பார்க்காமல் வேலை செய்து பார்த்திருக்கிறேன், பேசிக்கொள்ளவே முடியாது. டப்பிங் டைரக்டர் ‘அந்த மீ வருகிற இடம்’ என்று சொல்லும்போது அவரும் நானும் ஒரே ஃப்ரேமைப் பார்க்க வேண்டும்.

```
ffmpeg -i escena.mp4 -vf "drawtext=timecode='00\:00\:00\:00':rate=24:fontsize=36:fontcolor=white:x=20:y=20" -c:a copy escena_tc.mp4
```

இங்கே `rate=24` என்று போடும் முன் மூலக் கோப்பு உண்மையிலேயே 24 ஃப்ரேம்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதலில் வந்த பார்வைப் பிரதி 25-இல் இருந்தது, மாஸ்டர் 24-இல். இரண்டுக்கும் நடுவில் வேகம் நூற்றுக்கு நான்கு வித்தியாசப்படும். ஒரு வரியில் தெரியாது. ஆனால் அந்த எண்களை வைத்து ஸ்டூடியோவில் கியூ போட்டால் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் இருபது நொடிக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். சரியான பிரதியைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மேலே தொடங்கினேன்.

பார்ப்பதற்கு `mpv` என்ற வீடியோ பிளேயர் போதும். `.` அடித்தால் ஒரு ஃப்ரேம் முன்னால், `,` அடித்தால் ஒரு ஃப்ரேம் பின்னால். `l` இரண்டு முறை அடித்தால் அந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் சுற்றிச் சுற்றி ஓடும். முதல் சுற்று எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான். காதில் ஆங்கிலம் கேட்டால் கண் ஏமாறும்: அங்கே ‘ப’ ஒலித்தது என்பதாலேயே உதடு மூடியது மாதிரி தோன்றும். நடிகர்கள் பல இடங்களில் முழுதாக மூடுவதே இல்லை. ஊமைப்படமாகப் பார்த்து, உதடு ஒட்டுகிற ஃப்ரேம், கீழுதட்டில் பல் படுகிற ஃப்ரேம், உதடு குவிகிற ஃப்ரேம், வாய் அகலத் திறக்கிற ஃப்ரேம் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்வேன். மற்ற ஒலிகளெல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, திரையில் தெரியாது. ‘த’ இருந்த இடத்தில் ‘ல’ வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எம்மாவின் முதல் வரிக்குக் கிடைத்த குறிப்பு இது. சுழியம் ஃப்ரேமில் ‘பட்’டுக்கு உதடு ஒட்டுகிறது. அடுத்து ‘யூ’வுக்குக் குவிகிறது. 9-இல் ‘ப்ரா’வின் ப். 14-இல் அதே சொல்லின் நடுவே ம். 24-இல் ‘மீ’. 33-இல் ‘ஃப்ராங்க்’கின் பல் உதட்டில் படுவது. 44-இல் வாய் ஓய்கிறது. 44 ஃப்ரேம் என்றால் 1.8 நொடிக்குக் கொஞ்சம் மேல். ஆங்கிலத்தில் ஆறு அசை.

மொழிபெயர்ப்பில் இருந்தது “பேரோ மே லோ ப்ரொமெதிஸ்தே, ஃப்ராங்க்”. ஒன்பது அசை. ஸ்பானிஷ் எப்போதும் இப்படித்தான், அசை கூடிக்கொண்டே போகும். ஆனால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, பேசுகிறவர்களும் வேகமாகப் பேசுவார்கள். 2011-இல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஆங்கிலம் நொடிக்கு ஏறக்குறைய 6.2 அசை, ஸ்பானிஷ் 7.8 என்று வந்தது. ஆகவே ஆறு அசை இருந்த இடத்தில் எட்டு அசை போனால் கேட்பவருக்கு அவசரமாகத் தோன்றாது. ஒன்பது என்றால் இழுபறி. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வரியில் ‘மே’ விழுகிற இடம். திரையில் எம்மா ‘யூ’ என்று உதட்டைக் குவிக்கும் நேரத்தில் குரல் ‘மே’ என்று மூடித் திறக்கும். க்ளோஸப்பில் இது நிற்காது.

‘பேரோ’வை எடுத்துவிட்டேன். “மே லோ ப்ரொமெதிஸ்தே, ஃப்ராங்க்”: ஏழு அசை. ‘மே’யின் ம் சுழியம் ஃப்ரேமில் ஒட்டிய உதட்டுக்கு. ‘லோ’வின் ஓ, ‘யூ’வின் குவிந்த உதட்டுக்கு. ‘ப்ரொ’ 9-இல், ‘மெ’ 14-இல். ஆங்கிலமும் ஸ்பானிஷும் லத்தீன் வழியில் ஒரே சொல்லை வைத்திருப்பதால் ப், ம் இரண்டும் தானாகவே வரிசையாக விழுந்துவிட்டன. இப்படி ஓசியில் கிடைப்பது அபூர்வம்.

மிச்சம் 24-ஆவது ஃப்ரேம். அங்கே எம்மா ‘மீ’ என்று உதட்டை நன்றாக ஒட்டி, இழுத்து, அழப்போகிற மாதிரி சொல்கிறாள். ஸ்பானிஷில் அந்த நேரத்துக்கு ‘திஸ்தே’ ஓடிக்கொண்டிருக்கும், உதடு மூட வேலையே இல்லை. “மே திஸ்தே து பலாப்ரா”, அதாவது வாக்குக் கொடுத்தாயே, என்றும் எழுதிப் பார்த்தேன். அதில் ப் பதினான்கை ஒட்டி விழுகிறது, ஆனால் ஒன்பதும் இருபத்துநான்கும் காலி. கடைசியில் நின்றது “மே லோ ப்ரொமெதிஸ்தே அ மீ, ஃப்ராங்க்”. ‘எனக்கு’ என்பதை ஸ்பானிஷில் அழுத்திச் சொல்ல வேண்டுமானால் இப்படி ‘அ மீ’ சேர்ப்பது இயல்பு. ‘மீ’க்கு ‘மீ’: உதடும் அதேதான், அதன் பிறகு வாய் விரிவதும் அதேதான். அசை எத்தனை? ‘தே’யும் ‘அ’வும் பேச்சில் ஒட்டி ஒரே அசையாகிவிடும், ஆகவே எட்டு. 14-க்கும் 24-க்கும் நடுவில் ‘மெ-திஸ்-தேஅ’ என்று மூன்று அசை பத்து ஃப்ரேமில் போக வேண்டும். நொடிக்கு ஏழு சொச்சம். போகும்.

பொருள் கொஞ்சம் மாறுகிறது என்பது உண்மை. ஆங்கிலத்தில் ‘வாக்குக் கொடுத்தாயே’, ஸ்பானிஷில் ‘எனக்கல்லவா வாக்குக் கொடுத்தாய்’. இந்தக் காட்சியில் அது பொய்யில்லை, படகை அவன் வேறொருவருக்குத்தான் விற்றிருக்கிறான். கதை இடம் கொடுக்காவிட்டால் இதைச் செய்திருக்க மாட்டேன். உதட்டுக்காகப் பாத்திரத்தின் மனநிலையைத் திருப்பும் டப்பிங் நிறையப் பார்த்திருக்கிறேன், அதைவிட ஒரு ம் தவறுவது மேல்.

இரண்டாவது வரிக்கு அதிக வேலை இல்லை. ஃப்ராங்க் முதுகைக் காட்டி நிற்கிறான். தொடங்கும் இடமும் முடியும் இடமும் தோளின் அசைவும் ஒத்தால் போதும். “தூவே கே வெந்தெர்லா. எல் பாங்கோ செ லோ ஈபா அ கேதார் தோதோ.” மொழிபெயர்ப்பில் இருந்தபடியே விட்டேன். ‘தோதோ’வில் அவன் கை விரிகிறது, ஆங்கிலத்தில் ‘எவ்ரிதிங்’ இருந்த இடம். அதனால் சொல் வரிசையை மட்டும் கலைக்கக் கூடாது என்று ஓரத்தில் குறித்தேன். இந்த ‘வெந்தெர்லா’வுக்குப் பிறகு திரும்பி வர வேண்டியிருந்தது, அதைச் சொல்கிறேன்.

“ஃபைவ் மந்த்ஸ்” என்று சொல்லும்போது எம்மா ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறாள். ஆகவே எண்ணை மாற்றவே முடியாது. மாற்ற ஆசை வந்ததற்குக் காரணம், ‘ஃபைவ்’இல் இரண்டு முறை பல் கீழுதட்டில் படுகிறது, ‘சிங்கோ’வில் ஒன்றுமே இல்லை.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாம் ‘வ’ சொல்லும்போது கீழுதடு மேல்பல்லை நோக்கிப் போகும். ஸ்பானிஷில் வி எழுத்தைப் பார்த்ததும் நம் வாய் அப்படியே செய்யும், ஆனால் ஸ்பானியர் வாயில் அந்த எழுத்துக்கும் b எழுத்துக்கும் வித்தியாசமே கிடையாது, இரண்டும் இரண்டு உதட்டாலும் எழும் ஒலிதான். ஆகவே ஆங்கில வி தெரியும் இடத்தில் ஸ்பானிஷ் வி எழுத்து போட்டால் காகிதத்தில் பொருந்தும், வாயில் பொருந்தாது. பல் படுகிற ஒலி என்று அவர்களிடம் இருப்பது எஃப் மட்டும்தான். எஃப் வரும் சொற்களோ குறைவு.

அதனால் தரவரிசை ஒன்று வைத்துக்கொள்வது வழக்கம். p, b, m ஆகிய ஒட்டும் உதடுகள் க்ளோஸப்பில் கட்டாயம். எஃப், வி முடிந்தால். உயிரொலியின் வடிவம் இழுத்துச் சொல்லும் இடத்திலும் கத்தும் இடத்திலும் மட்டும். ‘ஃபைவ் மந்த்ஸ்’ மிட் ஷாட். பல் படுவது அவ்வளவாகத் தெரியவில்லை. ‘மந்த்ஸ்’இன் ம்முக்கு ‘மேசெஸ்’இன் ம் இருக்கிறது. ‘சிங்கோ மேசெஸ்’ அப்படியே நின்றுவிட்டது.

அதன் பின்பாதியில் கேமரா கிட்டே வருகிறது. “அஸ் எஸ்பெராதோ சிங்கோ மேசெஸ்” என்ற மொழிபெயர்ப்பில் ஒன்பது அசை, நடுவில் ‘பெ’ என்று தேவையில்லாத ஓர் உதட்டொட்டு. ‘காத்திருந்தாய்’ என்பதை ‘வாய் மூடி இருந்தாய்’ என்று மாற்றினேன்: “அஸ் கயாதோ சிங்கோ மேசெஸ்”. எட்டு அசை, கடைசி ‘மேசெஸ்’ வரை உதடு ஒட்டவே இல்லை, திரையிலும் அப்படித்தான். பொருளும் இன்னும் கூர்மை. லத்தீன் அமெரிக்காவுக்கான பதிப்பாக இருந்தால் ‘அஸ் கயாதோ’ என்ற இந்த வினை வடிவம் அந்நியமாகத் தொனிக்கும், அங்கே ‘கயாஸ்தே’ என்பார்கள், கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். ஒரே ஸ்பானிஷ் டப்பிங் இரண்டு கரைக்கும் பொருந்தாததற்குக் காரணம் உச்சரிப்பு மட்டுமல்ல.

இப்போது ஃப்ராங்கின் விரல். ‘எவ்ரி’, ‘சிங்கிள்’, ‘மந்த்’ என்று மூன்று தட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் “தோதோஸ் லோஸ் மேசெஸ்” என்று எழுதியிருந்தார். முதல் தட்டு ‘தோதோஸ்’, மூன்றாவது ‘மேசெஸ்’, நடுத் தட்டுக்கு வெறும் ‘லோஸ்’. அது வலுவில்லாத சொல், அதைத் தட்டி அழுத்தினால் கேட்க அபத்தமாக இருக்கும். “மேஸ் த்ராஸ் மேஸ்” என்று முயன்றேன், மாதாமாதம். மூன்று தட்டுக்கு மூன்று அசை, தாளம் அற்புதம். ஆனால் திரையில் ‘எவ்ரி’க்கும் ‘சிங்கிள்’க்கும் வாய் இரண்டிரண்டு முறை அசைகிறது. குரல் ஒரு முறை ஒலித்து ஓய, வாய் தனியாக மென்றுகொண்டிருக்கும். அசை கூடினால்தான் சிக்கல் என்றில்லை, குறைந்தாலும் இதே கதி.

ஸ்பானிஷில் எரிச்சலாகச் சொல்லும்போது ‘தோதோ எல் சாந்தோ தியா’ என்பார்கள். நேராகப் பார்த்தால் ‘புனிதமான நாள் முழுவதும்’, கருத்து என்னவோ நம் ‘நாள் பூராவும்’ என்று பல்லைக் கடித்துச் சொல்வது. அதே வார்ப்பில் “தோதோஸ் லோஸ் சாந்தோஸ் மேசெஸ்”. மூன்று தட்டுக்கு ‘தோதோஸ்’, ‘சாந்தோஸ்’, ‘மேசெஸ்’. இரண்டிரண்டு அசை. ‘சிங்கிள்’இன் ஸ் மேல் ‘சாந்தோஸ்’இன் ஸ் விழுகிறது, ‘மந்த்’இன் ம் மேல் ‘மேசெஸ்’இன் ம். இந்த வரி கிடைத்த அன்று வேறு வேலை பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் உள்ள “ஐ பெய்ட் ஃபார் இட்”டும் முதலில் கனகச்சிதமாக இருந்தது. “லா பகே யோ”, நான்தான் பணம் கட்டினேன். ‘ஐ’யின் திறந்த வாய்க்கு ‘லா’, ப்புக்கு ப், ‘ஃபார்’இன் குவிவுக்கு ‘யோ’. நான்குக்கு நான்கு. ‘லா’ என்றால் படகு பெண்பால், ‘பார்கா’ என்ற சொல். மொழிபெயர்ப்பு முழுவதும் ‘பார்கா’தான்.

பிறகு எம்மாவின் “இட் வாஸ் டாட்ஸ் போட்” வந்தது. காட்சியிலேயே மிக நெருக்கமான க்ளோஸப், நெற்றியும் தாடையும் வெட்டுப்பட்டிருக்கும். ‘போட்’டில் உதடு ஒட்டி, வட்டமாகக் குவிந்து, அப்படியே நிற்கிறது. “ஏரா லா பார்கா தெ பபா” எட்டு அசை, நுழையாது. “ஏரா தெ பபா” அளவாக இருக்கிறது, கடைசி ‘பா’வில் ப் கச்சிதம். ஆனால் அவள் வாய் வட்டமாக நிற்க, குரலில் அகன்ற ஆ. அந்த முகத்தை அவ்வளவு பெரிதாகக் காட்டும்போது யாராலும் பார்க்காமல் இருக்க முடியாது.

படகுக்கு ‘போதே’ என்று இன்னொரு சொல் உண்டு, துடுப்புப் போடும் சின்னப் படகு. படத்தில் காட்டுவதும் அதுதான். “ஏரா சு போதே”, அது அவருடைய படகு. ‘போட்’டுக்கு ‘போதே’. சுவரில் அப்பாவின் படம் பின்னால் தெரிகிறது, அதனால் ‘அவருடைய’ யாருடையது என்ற குழப்பமில்லை. ஆனால் ‘போதே’ ஆண்பால். ஒரு சொல்லை மாற்றியதால் காட்சி முழுவதும் ‘லா’ ‘லோ’ ஆக வேண்டும். ‘வெந்தெர்லா’ ‘வெந்தெர்லோ’ ஆனது, அவன் முதுகைக் காட்டுவதால் பாதகமில்லை. ‘லா பகே யோ’ ‘லோ பகே யோ’ ஆகி, திறந்த வாய்க்குக் குவிந்த ஓ வந்தது. அது மிட் ஷாட், பார்ப்பவர் கண் விரலில் இருக்கும். இழப்பை ஏற்றுக்கொண்டேன். முதல் வரியின் ‘லோ’ மாறவில்லை. படத்தின் மற்ற இடங்களில் ‘பார்கா’ வந்த வரிகளை எல்லாம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது, நல்ல வேளையாக அவை பெரும்பாலும் ஆஃப் ஸ்கிரீன்.

‘ஏரா சு போதே’யில் இன்னும் ஒரு பொறி. ஸ்பானிஷ் b ஒலி வாக்கியத்தின் தொடக்கத்திலும் ம், ந் ஒலிக்குப் பின்னாலும்தான் உதட்டை முழுதாக ஒட்டும். இரண்டு உயிரொலிக்கு நடுவில் அகப்பட்டால் உதடு நெருங்கும், ஒட்டாது. ‘சு போதே’ என்று சேர்த்துச் சொன்னால் அந்த ப மெலிந்துவிடும். திரையில் உதடு அழுத்தமாக ஒட்டும்போது காதில் மெலிந்த ப. ‘சு’வுக்குப் பிறகு கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தினால் ப தானாகவே கெட்டிப்படும், அழப்போகிறவள் அப்படி நிறுத்துவது இயற்கையும்கூட. தாளில் ஒரு சாய்கோடு போட்டு அதைக் குறித்தேன்.

கடைசி வரி “’ம் சாரி, எம்”. ‘ஐ’ விழுங்கப்பட்டு உதடு மூடியபடியே தொடங்குகிறது. மூடிய உதட்டுக்கு “பெர்தோனா, எம்”. வழக்கமான ‘லோ சியெந்தோ’வை விட இது நன்றாக உட்கார்ந்தது. ‘எம்’இல்தான் வினை. ஸ்பானியர் நாக்குக்குச் சொல் இறுதியில் ம் பழக்கமில்லை, ‘ஆல்பும்’ என்று எழுதிவிட்டு ‘ஆல்புன்’ என்றுதான் பலர் சொல்வார்கள். ஆகவே ‘எம்’ மைக்கில் ‘என்’ ஆகும், திரையில் மூடிய உதடு, காதில் திறந்த உதட்டின் ஒலி. பெயரை ‘எம்மா’ என்று முழுதாக்கினால் கடைசியில் ஓர் ஆ மிஞ்சும். இதை எழுத்தால் சரிசெய்ய வழி தெரியவில்லை, ஓரத்தில் நடிகருக்குக் குறிப்பு மட்டும் எழுதினேன்.

இதெல்லாம் தாளில். அப்புறம் நானே படத்தை ஓடவிட்டு, எழுந்து நின்று, நடிக்கிற குரலிலேயே பேசிப் பார்ப்பேன். உட்கார்ந்து முணுமுணுத்தால் எல்லா வரியும் பொருந்தும், அதை நம்பக் கூடாது. போனில் பதிவு செய்து படத்தோடு வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்போது ஒரு கணக்கை மனதில் வைத்திருப்பேன். படமும் ஒலியும் விலகுவது பற்றி சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. தந்த பரிந்துரைப்படி ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர்களுக்கு உறைக்கத் தொடங்கும், பிந்தினால் 125 வரை உறைக்காது. 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லி நொடி. அந்த அளவு ஒளிபரப்பின் மொத்த ஒத்திசைவுக்காகச் சொன்னது, தனி ஒரு ப்புக்கு அல்ல. ஆனாலும் என் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது: குரல் இரண்டு ஃப்ரேம் பின்னால் வந்தால் மன்னிப்பு உண்டு, ஒரு ஃப்ரேம் முன்னால் வந்தால் இல்லை. அதனால் சந்தேகமான இடத்தில் வரியின் தொடக்கத்தில் ஒரு மூச்சையோ தயக்கத்தையோ சேர்ப்பேன், முடிவில் சேர்க்க மாட்டேன்.

ஸ்டூடியோவுக்குப் போகும் தாளில் காட்சியை டேக்குகளாக வெட்ட வேண்டும். ஒரே ஆள் பேசினால் ஐந்து வரி, பலர் பேசினால் பத்து வரி, ஒரு வரிக்கு அறுபது எழுத்து என்பது ஸ்பெயினில் பரவலான கணக்கு. இந்தக் காட்சியின் முதல் டேக், படத்தின் கணக்கில் நான்காவது, இப்படி இருந்தது. டிசிஆருக்குப் பின்னால் இருப்பது டைம்கோடு. ஆன் என்றால் வாய் தெரிகிறது, டிஇ என்றால் முதுகு, ஜி என்றால் மூச்சோ விசும்பலோ, ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு நீண்ட நிறுத்தம்.

```
TAKE 4   TCR 00:02:11:06
EMMA    (ON) Me lo prometiste a mí, / Frank.
FRANK   (DE) Tuve que venderlo. El banco se lo iba
        a quedar todo.
EMMA    (G) (ON) Cinco meses. // Has callado cinco meses.
```

அந்த ஜி முக்கியம். ‘சிங்கோ’வுக்கு முன்னால் எம்மா மூக்கால் ஒரு மூச்சு விடுகிறாள். அதைக் குறிக்காவிட்டால் மைக் முன்னால் யாரும் அந்த மூச்சை விட மாட்டார்கள், திரையில் மார்பு ஏறி இறங்கும், சத்தம் வராது.

பதிவின்போது முதல் வரி இரண்டாவது தடவையிலேயே உட்கார்ந்தது. நடிகை ‘அ மீ’யை நான் நினைத்ததைவிடத் தணித்துச் சொன்னாள், அதுதான் சரி, அழுத்தம் ஏற்கெனவே சொல்லிலேயே இருக்கிறது. ‘அஸ் கயாதோ’வில் டைரக்டருக்கு மனம் ஒப்பவில்லை, ‘யூ’வின் குவிந்த உதடு தொடக்கத்தில் தெரிகிறது என்றார். பார்த்தால் உண்மைதான். பிறகு அவரே “து, கயாதோ சிங்கோ மேசெஸ்” என்று திருத்தினார். நீ, வாய் மூடி, ஐந்து மாதம். வினையே இல்லாத வாக்கியம், கோபத்தில் அப்படித்தான் வரும். ‘து’ குவிந்த உதட்டில் போய் விழுந்தது. எட்டு அசையும் மாறவில்லை. தாளில் அடித்து எழுதினோம்.

‘பெர்தோனா, எம்’முக்குத்தான் நேரம் பிடித்தது. எதிர்பார்த்தபடியே ‘என்’. உதட்டை மூடு என்றால் நடிகர் ‘எம்ம’ என்று ஓர் உயிரைச் சேர்த்து முடித்தார். கடைசியில் பெயரைச் சொன்ன பிறகு உதட்டைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விடச் சொன்னார் டைரக்டர். மூச்சு மூக்கு வழியே போகும்வரை உதடு திறக்க வழியில்லை. ம் நின்றது.

கலவையில் மட்டும் எதிர்பாராத ஒன்று. இசையும் பின்னணி ஒலிகளும் மட்டும் இருக்கும் தடத்தின் மேல்தான் புதுக் குரலை ஏற்றுவார்கள். மேசையில் ஃப்ராங்க் தட்டும் சத்தம் அந்தத் தடத்தில் இல்லை, படப்பிடிப்பின்போது வசன மைக்கிலேயே பதிவாகி ஆங்கில வசனத்தோடு போய்விட்டது. விரல் மூன்று முறை ஓசையின்றி மேசையைத் தொட்டது. தாளத்துக்காக அவ்வளவு தேடிய வரி, தட்டு இல்லாமல் பல்லில்லாத வாய் மாதிரி இருந்தது. ஸ்டூடியோவின் மர மேசையில் ஒலிப்பதிவாளரே படத்தைப் பார்த்தபடி தட்டிப் பதிவு செய்து, மூன்றையும் தனித்தனியே நகர்த்தி ‘தோ’, ‘சா’, ‘மே’ மேல் வைத்தார்.